ரெக்வெஸ்ட் போட்டாச்சு சார்

போன மார்கழியில் ஒரு புதன்கிழமை ராத்திரி எட்டு ஐம்பதுக்கு என் போனில் ஒரு மெசேஜ் வந்தது. அம்மாவின் கேஷ்லெஸ் 35,000 ரூபாய்க்கு அப்ரூவ் ஆகிவிட்டதாம். ஃபார்ம் போனது எட்டு மணிக்கு. ஐம்பதே நிமிஷத்தில் பதில்! எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பாகூரிலிருந்து பெரியம்மா மகன் கைதட்டுகிற பொம்மை ஆறு அனுப்பினான். ஆறு வருஷமாகப் பிரீமியம் கட்டியவன், ஒரு நாளாவது நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டாமா? நிமிர்த்திக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நிமிர்ந்த நெஞ்சு பழைய இடத்துக்கே போய்விட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மா பாகூரில் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தாள். சும்மா இருக்கிற ஆளா? வரப்போரம் புல் பிடுங்கினாள், கீரை பறித்தாள், புதரில் கையை விட்டாள். மூலக்குளம் திரும்பிப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல். தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு மூன்று நாளாக அடங்கவில்லை. நான்காவது நாள் சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. "ஜிப்மர் பக்கத்துலயே இருக்கே தம்பி" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். இருக்கிறது, கோரிமேட்டில்தான் இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு 28,000 ரூபாய் பிரீமியம் கட்டுகிறவனுக்கு ஒரு திமிர் வரும் பாருங்கள், அது எனக்கும் வந்தது. இதற்குத்தானே கட்டினோம்? தனியார் ஆஸ்பத்திரிக்கே போனோம். பெயர் வேண்டாம். எந்த ரோட்டில் திரும்பினாலும் ஒரு ஆஸ்பத்திரி நிற்கிற ஊர் இது. எதுவாக இருந்தாலும் கதை இதேதான்.

அட்மிஷன் ஃபார்மில் டாக்டர் எழுதியது 'காய்ச்சல், காரணம் பரிசோதனையில்'. நாலு நாள் தங்கல், சாதாரண ரூம், மொத்தம் 62,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட். அதற்கு வந்த பதில்தான் 35,000. மீதி 27,000 எங்கே என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண்ணைக் கேட்டேன். "முதல்ல கொஞ்சம்தான் சார் குடுப்பாங்க. பில் ஏற ஏற என்ஹான்ஸ்மென்ட் போட்டுக்கலாம்" என்றது. அப்படியா, சரி. அகராதியில் ஒரு புது வார்த்தை சேர்ந்தது என்று நினைத்தேன். அது என் அம்மாவின் தலைமாட்டில் ஒரு வாரம் உட்காரப் போகிற வார்த்தை என்று யாருக்குத் தெரியும்?

ரூம் விஷயத்தில் மட்டும் நான் ஏமாறவில்லை, அதையாவது சொல்லிக்கொள்கிறேன். ஐந்து லட்சம் பாலிசியில் ரூம் வாடகை நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய். "டீலக்ஸ் ரூம் காலியா இருக்கு சார், 7,000தான்" என்றார்கள். அந்த இரண்டாயிரத்தை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைத்தால் காலி. வாடகை எந்த விகிதத்தில் எல்லையைத் தாண்டியதோ, அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், நர்சிங் எல்லாவற்றிலும் கத்தரி விழும். மருந்து, டெஸ்ட், ஐ.சி.யூ. இவற்றில் அப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் மிச்சத்தில் வெட்டினாலே போதாதா? 4,500 ரூபாய் ரூமே போதும் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு சின்ன டாக்டர் வந்தார். அம்மாவின் இடுப்பு மடிப்பில், புடவை கட்டுகிற இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைஃபஸ். பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுவார்களே, அது. புதரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. மழை முடிந்து பனி ஆரம்பிக்கிற மாசங்களில் நம் பக்கம் சகஜம். இதற்கு மருந்து டாக்சிசைக்ளின். மாத்திரையாக வாங்கினால் சில்லறைக் காசு. அந்தப் பொருக்கை முதல் நாளே யாராவது பார்த்திருந்தால் என்று இப்போதும் சில ராத்திரிகளில் தோன்றும். அன்று ராத்திரியே மூச்சுத் திணறல். ஆக்ஸிஜன் அளவு 88-க்கு வந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் நுரையீரல் வெள்ளை. ஐ.சி.யூ.

ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே இருக்கிற அந்த ஸ்டீல் நாற்காலி உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதில் உட்கார்ந்தவனுக்கு இரண்டே கேள்விதான் இருக்க வேண்டும். அம்மா எப்படி இருக்கிறாள், எப்போது பார்க்க விடுவார்கள். எனக்கு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாவது ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். "சார், பில் 58,000 ஆயிடுச்சு. அப்ரூவல் 35,000தான் இருக்கு. என்ஹான்ஸ்மென்ட் அனுப்பறோம். அதுவரைக்கும் 30,000 டெபாசிட் கட்டிடுங்க."

கேஷ்லெஸ்! அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொல்லுங்கள்? கையில் காசு இல்லாதவன் என்று அர்த்தமா? அப்படியென்றால் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை. மாசக் கடைசி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சம்பளம் வாங்குகிறவனிடம் அன்றைக்கு முப்பதாயிரம் இருக்குமா? வீட்டில் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. வில்லியனூரில் வைத்து 40,000 வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். கட்டினேன். ரசீது வாங்கினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு டெஸ்க்கில் கேட்டேன். "ரெக்வெஸ்ட் போட்டாச்சு சார்."

சரி, போட்டாச்சு. ஆறு மணிக்குக் கேட்டேன். போட்டாச்சு. எட்டு மணிக்கு? "அவங்க சைடுல பெண்டிங் சார்." ஒன்பது மணிக்கு எனக்கே ஒரு யோசனை வந்து, கார்டின் பின்பக்கம் இருந்த நம்பருக்கு அடித்தேன். பாட்டு, பாட்டு, ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, மறுபடியும் பாட்டு. இருபத்திரண்டு நிமிஷம் கழித்து ஒரு பையன் கிடைத்தான். கிளெய்ம் நம்பரைச் சொன்னேன். "சார், இந்தக் கிளெய்ம்ல என்ஹான்ஸ்மென்ட் ரெக்வெஸ்ட் எதுவும் வரலையே சார்."

வரவில்லை! நான்கு மணி நேரமாக நான் யார் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று பாருங்கள்.

நிஜத்தில் அந்த ரெக்வெஸ்ட் போனது ஞாயிற்றுக்கிழமை காலை 11.40-க்கு. எப்படித் தெரியும் என்கிறீர்களா? போர்ட்டலில் அனுப்பிய நேரம் தெரியும் ஸ்கிரீனை எனக்குக் காட்டுங்கள் என்று நின்றேன். அந்தப் பெண் முதலில் தயங்கியது, அப்புறம் பாவம் திருப்பிக் காட்டியது. அதுவும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பில்லிங்கில் போட்டாகிவிட்டது. டாக்டர் கையெழுத்துக்குப் போன பேப்பர் திரும்பி வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்தோடு டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு ஆஸ்பத்திரிப் பிரிவுகளுக்கு நடுவில் ஒரு பேப்பர் படுத்துத் தூங்கியிருக்கிறது. அதற்குப் பெயர் 'போட்டாச்சு'.

அந்த ஒரு வாரத்தில் எனக்கு உறைத்த விஷயம் இதுதான். கேஷ்லெஸ் என்பது ஒரு அனுமதி இல்லை. மூன்று. சேரும்போது ஒன்று, நடுவில் பில் ஏறும்போது ஒன்று, அது இரண்டோ மூன்றோ தடவைகூட வரலாம், வீட்டுக்குப் போகும்போது ஒன்று. 2024 மே 29 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு மாஸ்டர் சர்க்குலர் போட்டது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான கடைசி அனுமதியை, ஆஸ்பத்திரி கேட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது வசூலித்தால், அதைக் கம்பெனி தன் பங்குதாரர் பணத்திலிருந்து கட்ட வேண்டும். நல்ல விதி. வாசலில் ஒரு கடிகாரம், வெளியே போகிற கதவில் ஒரு கடிகாரம். நடு ஹாலில்? அங்கே 'என்ஹான்ஸ்மென்ட்' என்று பேர் சொல்லி ஒரு கடிகாரமும் மாட்டவில்லை. அதுவும் கேஷ்லெஸ் கேட்பதுதானே, அந்த ஒரு மணி நேரம் இதற்கும் பொருந்தும் என்று வாதாடலாம். யாரிடம் வாதாடுவது? ஞாயிற்றுக்கிழமை டெஸ்க்கில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

அதனால்தான் வாசலில் எல்லாம் பளபள என்று நடக்கிறது. ஐம்பது நிமிஷத்தில் மெசேஜ். முழு எஸ்டிமேட்டையும் அலசிப் பார்க்க நேரமில்லையா? பாதியைக் கொடு, கெடுவுக்குள் பதில் சொன்ன கணக்கு. மிச்சத்தை நடுவில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில்தான் கடிகாரமே இல்லையே! இது என் சந்தேகம்தான், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது சேர்ந்திருந்தால் அந்த முதல் மெசேஜை எடுத்துப் பாருங்கள், எஸ்டிமேட்டில் எத்தனை பங்கு என்று.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பதில் வந்தது. அப்ரூவலா? கனவு காணாதீர்கள். க்வெரி.

மூன்று கேள்வி. ஐ.சி.யூ. ஏன் தேவைப்பட்டது, விளக்கம் வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் ரிப்போர்ட் எங்கே. நோயாளிக்குச் சர்க்கரை நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது.

எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு விட முடியாமல் ஒரு கிழவி கிடக்கிறாள், ஐ.சி.யூ. ஏன் என்று கேட்கிறான்! பிறகு ஆறிப்போய் யோசித்தால், அங்கே உட்கார்ந்திருக்கிற டி.பி.ஏ. டாக்டர் என் அம்மாவைப் பார்க்கவில்லை. அவர் முன்னால் இருப்பது இரண்டு பேப்பர். ஒன்றில் 'காய்ச்சல், நாலு நாள், சாதாரண ரூம்'. இன்னொன்றில் மொத்தமாக ஒரே வரியில் பில்லும், 'ஐ.சி.யூ.' என்ற ஒரு சொல்லும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் அவருக்கு எழுதவில்லை. கேட்காமல் என்ன செய்வார்? தேவைப்பட்டதெல்லாம் டாக்டர் கையால் ஒரு பத்தி. வெள்ளி இரவு எத்தனை மணிக்கு ஆக்ஸிஜன் எவ்வளவு இருந்தது, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, எக்ஸ்ரேயில் என்ன, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, என்ன மருந்து ஆரம்பித்தார்கள், இன்னும் எத்தனை நாள் வேண்டும். அதோடு அன்றைய தேதி வரைக்கும் இனம் பிரித்த இன்டரிம் பில், ரிப்போர்ட், ஐ.சி.யூ. கேஸ் ஷீட் நகல். இவ்வளவும் முதலிலேயே சேர்ந்து போயிருந்தால் முதல் இரண்டு கேள்விக்கு இடமே இல்லை. ஆனால் அந்தப் பத்தியை எழுதுவது யார் வேலை? டாக்டர் அதை பில்லிங் வேலை என்கிறார். பில்லிங் அதை டாக்டர் வேலை என்கிறது. ஆக, அது என் வேலை ஆயிற்று.

திங்கட்கிழமை காலை ஐ.சி.யூ. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து வெளியே வரும்போது வழிமறித்தேன். "சார், அம்மா எப்படி இருக்காங்க"ன்னு கேட்க வேண்டிய வாயால், "சார், அந்த ஜஸ்டிஃபிகேஷன் லெட்டர்..." என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெற்ற தாயை ஐ.சி.யூ.வில் வைத்துவிட்டுக் காகிதம் கேட்கிற மகன் என்று நினைத்திருப்பார். நானே அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது கேள்விதான் கண்ணி வெடி. சர்க்கரை நோய் எத்தனை வருஷம்? சேர்த்த அன்று ராத்திரி நர்ஸ் கேட்டபோது, அழுதுகொண்டிருந்த என் தங்கை "ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் எழுதிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் பாலிசி எடுத்தபோது நான் எழுதியது, இரண்டு வருஷமாகச் சர்க்கரை. அப்படியானால் இப்போது எட்டு. பத்தா, எட்டா? நல்லவேளை, சர்க்கரை இருப்பதையே மறைத்திருந்தால் அந்த இடத்திலேயே என்னை உரித்திருப்பார்கள். பழைய ப்ரோபோசல் ஃபார்ம் நகலையும் அம்மாவின் பழைய லேப் ரிப்போர்ட்டையும் பீரோவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். கூடவே ஒரு வரி எழுதச் சொன்னேன். பாலிசி விடாமல் 60 மாசம் தாண்டிவிட்டது. 2024-ல் வந்த விதிப்படி அதற்குப் பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி கிளெய்மைத் தட்டிக்கழிக்க முடியாது. முன்பு இது எட்டு வருஷமாக இருந்தது, இப்போது ஐந்து. உண்ணி கடித்த காய்ச்சலுக்கும் சர்க்கரை எத்தனை வயது என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். "அது ஃபார்மட் கேள்வி சார்" என்றான் கஸ்டமர் கேர் பையன்.

இதிலிருந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது 'எத்தனை வருஷமா இருக்கு' என்று கேட்டால் குத்துமதிப்பாக எதையும் சொல்லாதீர்கள். வீட்டுப் பேப்பரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். அந்த இரவில் வாயில் வந்த எண் கேஸ் ஷீட்டில் ஏறினால் அழிக்க முடியாது.

திங்கள் மத்தியானம் ஒரு மணிக்குப் பதில் போனது. இந்தத் தடவை நேரத்தைக் குறித்துக்கொண்டேன், அனுப்பியதற்கான மெயில் நகலும் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மெசேஜ். கூடுதலாக 40,000 ரூபாய் அப்ரூவ்ட். மொத்தம் 75,000. அந்த நேரத்தில் பில் எவ்வளவு தெரியுமா? 1,12,000. ஓடுகிற பஸ்ஸைப் பின்னால் ஓடிப் பிடிப்பது மாதிரி. நான் படியில் கால் வைப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்பில். வாட்ஸ்அப் குரூப்பில் போடவில்லை.

ஆனால் அன்றைக்கு அம்மா ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்தாள். "தலையில எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சு" என்று கேட்டாள். அதுதான் எனக்கு அப்ரூவல்.

இரண்டாவது என்ஹான்ஸ்மென்ட் போடலாமா என்று கேட்டதற்கு டெஸ்க் பெண், "இனிமே ஃபைனல் பில்லோடயே அனுப்பிடலாம் சார், இல்லேன்னா திரும்ப ஒரு க்வெரி வரும்" என்றது. அனுபவசாலி. ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 75,000-க்கு மேல் உள்ளது முழுக்க ஆஸ்பத்திரி கணக்கில் தொங்கும். டிஸ்சார்ஜ் அன்று இன்சூரன்ஸ் கையை விரித்தால் அத்தனையும் அந்த நிமிஷமே நம் தலையில். அதனால் தினமும் சாயங்காலம் இன்டரிம் பில்லை வாங்கிப் பார்த்தேன். ஐந்து லட்சத்தில் இன்னும் இடம் இருக்கிறது, ஐ.சி.யூ. வாடகை எங்கள் பாலிசியின் 10,000 எல்லைக்குள் 9,500தான். அந்தத் தைரியத்தில் சரி என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் சிரித்துக்கொண்டே "பாட்டி வீட்டுக்குப் போகலாம்" என்றார். பத்து மணிக்குச் சொன்னார், நான் ஒரு மணிக்கு வீட்டில் இருப்போம் என்று தங்கையிடம் ரசம் வைக்கச் சொன்னேன். மூன்று மணி நேரம் என்றுதானே சர்க்குலர்? அந்த மூன்று மணி நேரம் டாக்டர் சிரித்ததிலிருந்து ஆரம்பிக்காது. மிச்ச மருந்தை பார்மசி திருப்பி எடுத்துக் கணக்குப் போட வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிக்க வேண்டும், டாக்டர் திருத்த வேண்டும், பில்லை மூட வேண்டும். எல்லாம் சேர்ந்து போர்ட்டலில் ஏறியது இரண்டு பத்துக்கு. அப்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஐந்து பத்துக்குள் பதில் வர வேண்டும். நான்கே முக்காலுக்கு வந்தது. என்ன வந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். க்வெரி. ஒரு லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்து தெளிவாக இல்லையாம். கெடு முடிய இருபத்தைந்து நிமிஷம் இருக்கும்போது! அது தற்செயல் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

ஆறு மணிக்குப் பதில் போனது. ஏழு இருபதுக்கு இறுதி அப்ரூவல். எட்டு மணிக்கு ஆட்டோ. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்து விளக்கைப் பார்த்ததும் அம்மா "நம்ம ஊரு வந்துடுச்சு" என்றாள். ரசம் ஆறிப்போயிருந்தது.

கணக்கைச் சொல்கிறேன், அதில் ஒரு சமாசாரம் இருக்கிறது. மொத்த பில் 1,68,400. கம்பெனி கொடுத்தது 1,51,200. வெட்டு 17,200. ஆஸ்பத்திரி அதை என் 30,000 டெபாசிட்டில் கழித்து, "12,800 ரீஃபண்ட் சார், ஒரு வாரத்துல செக் வரும்" என்றது. அந்தக் களைப்பில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, இறுதி அப்ரூவல் லெட்டரில் வெட்டுப் பட்டியலைப் படித்தேன். 9,860 ரூபாய் கையுறை, டயபர், தெர்மாமீட்டர் வகையறா. மருத்துவம் சாராத பொருள் என்று 68 அயிட்டத்துக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. எங்கள் பாலிசியில் அதற்கு இடமில்லை, சரி, நம் தலையெழுத்து. 3,140 ரூபாய், நோய்க்குச் சம்பந்தமில்லாத டெஸ்ட். வைட்டமின் டி பார்த்திருக்கிறார்கள். எதற்கு என்று அம்மாவுக்கும் தெரியாது. மீதி 4,200? 'ஒப்புக்கொண்ட கட்டண விகிதத்துக்கு மேல்' என்று எழுதியிருந்தது.

இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேஷ்லெஸ் நெட்வொர்க்கில் இருக்கிற ஆஸ்பத்திரி, எதற்கு எவ்வளவு என்று கம்பெனியோடு முன்பே ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அதை மீறி பில் போட்டால் கம்பெனி வெட்டும். ஆனால் வெட்டியதை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது. இது நான் கண்டுபிடித்ததில்லை. அதே லெட்டரின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், கொடுக்கத் தகாத பொருட்களும் நோயாளி பங்கும் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் கையில் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், ஏற்கெனவே கட்டிவிட்டு வந்தவன் கையில்! ஆக, வெட்டு என்றாலே நம் தலையில் என்று நினைக்காதீர்கள். எதனால் வெட்டு என்று பக்கத்தில் எழுதியிருப்பதுதான் முக்கியம்.

லெட்டரை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் மேனேஜர் லீவு. இரண்டாவது நாள் "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வரும்". மூன்றாவது நாள் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் 4,200 சரியானது. கத்தவில்லை, உண்மையாகவே கத்தவில்லை. கோடு மட்டும்தான் போட்டேன்.

பெரியம்மா மகன் கொதித்தான். "கம்ப்ளெய்ன்ட் குடு. ஆம்பட்ஸ்மேனுக்கு எழுது." எழுதலாம்தான். 155255 என்று நம்பர் இருக்கிறது, பீமா பரோசா என்று போர்ட்டல் இருக்கிறது. ஆம்பட்ஸ்மேனிடம் போனால் ஒரு பைசா செலவில்லை. ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாசம் பார்த்திருக்க வேண்டும். நமக்கு ஆபீஸ் சென்னையில். அதன் எல்லையை எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'தமிழ்நாடு, புதுச்சேரி டவுன், காரைக்கால்'. மாஹேக்காரன் கொச்சிக்குப் போகணும், ஏனாம்காரன் ஹைதராபாதுக்குப் போகணும். மூலக்குளம் 'டவுன்'தானா, பாகூர் எந்தக் கணக்கு என்று பெரியம்மா மகன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் நம் சென்னைதான்டா என்றேன். சரி, போகலாம். ஆனால் இதெல்லாம் பணம் மறுத்த பிறகு நடக்கிற நியாயம். எனக்கு யாரும் மறுக்கவில்லையே! சனிக்கிழமை காலையிலிருந்து திங்கள் சாயங்காலம் வரைக்கும் யாரும் 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் 'ஆயிடும் சார்' என்றுதான் சொன்னார்கள். 'ஆயிடும்' என்பதற்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

நேற்று எதிர்வீட்டு அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரருக்குப் பித்தப்பைக் கல்லாம், ஆபரேஷன். கேஷ்லெஸ்ஸில் முதல் அப்ரூவல் 40,000 வந்துவிட்டதாம், முகமெல்லாம் சிரிப்பு. எனக்குச் சொல்லவா வேண்டாமா என்று இருந்தது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன். "அக்கா, பில் அந்தத் தொகையில முக்கால்வாசி வந்ததுமே டெஸ்க்ல போய் நில்லுங்க. தாண்டற வரைக்கும் காத்திருக்காதீங்க. டாக்டர் லெட்டர் கூடப் போகுதான்னு பாருங்க. போட்டாச்சுன்னு சொன்னா, எத்தனை மணிக்குப் போட்டீங்கன்னு கேளுங்க. நேரம் சொல்லலைன்னா போடலைன்னு அர்த்தம். உடனே கார்டுல இருக்கற நம்பருக்கு நீங்களே அடிச்சுக் கேளுங்க." அவர் எழுதிக்கொண்டார், மளிகை லிஸ்ட் மாதிரி.

செக் ஒரு வாரத்தில் வரவில்லை, இருபத்தி மூன்றாவது நாள் வந்தது. 17,000 ரூபாய். டெபாசிட் கட்டியது நான், வளையல் என் பெண்டாட்டியுடையது, செக் நோயாளி பெயரில். அதுதான் ரூலாம். அம்மாவை ஆட்டோவில் உட்காரவைத்து வில்லியனூர் பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இன்சூரன்ஸ்காரன் எனக்குக் குடுத்தானாடா?"

"ஆமாம்மா."

"பரவாயில்லையே" என்றாள்.

வளையலை மீட்க நான் பக்கத்துத் தெருவுக்கு நடந்தேன்.